ஒரே பம்பு, மூன்று விவரங்கள்

"5 எச்.பி. போர்வெல் சப்மெர்சிபிள் பம்பு. ஹெட் 60 மீட்டர். நிமிடத்துக்கு 480 லிட்டர்."

இணையதளத்தில் இப்படி ஓர் அறிவிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிப்பவர் என்ன நினைப்பார்? இந்தப் பம்பு அறுபது மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 480 லிட்டர் தண்ணீர் ஏற்றும் என்றுதான் நினைப்பார். அது நடக்கவே நடக்காது. அதைத் தெரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை, ஒரு பெருக்கல் கணக்கு போதும். நிமிடத்துக்கு 480 லிட்டர் என்றால் விநாடிக்கு 8 லிட்டர், அதாவது 8 கிலோ எடை. அதை 60 மீட்டர் தூக்க 8 × 9.81 × 60, ஏறத்தாழ 4,700 வாட் வேண்டும். 5 எச்.பி. மோட்டார் தருவதே 3.7 கிலோவாட்தான். பம்புக்குள் வீணாகும் சக்தியைக் கழிக்கும் முன்னரே கணக்கு உதைக்கிறது.

இத்தனைக்கும் அந்த அறிவிப்பை எழுதியவர் பொய் எழுத நினைத்திருக்க மாட்டார். அவர் கையில் கேட்டலாக் இருந்தது. அதன் அட்டவணையில் ஒரு முனையில் 480 லிட்டர் இருந்தது, மறுமுனையில் 60 மீட்டர் இருந்தது. இடம் குறைவு என்பதால் இரண்டிலும் பெரிய எண்ணை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். தனித்தனியே உண்மையாக இருந்த இரண்டு எண்கள், சேர்த்து வைத்ததும் ஒரு பொய்யாகிவிட்டன.

ஒரே பொருளின் விவரத்தைக் கேட்டலாக்குக்கு ஒரு மாதிரி, இணையதளத்துக்கு ஒரு மாதிரி, டெண்டர் இணைப்புக்கு ஒரு மாதிரி என்று எழுதும் வேலையில் உண்மையான ஆபத்து இதுதான். ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு விவரம் மாறும்போது எண்கள் தப்பிவிடும். அந்த எண் எந்த நிலையில் பொருந்தும் என்ற நிபந்தனைதான் வழியில் விழுந்துவிடும். எதை வேண்டுமானாலும் முழுதாக விட்டுவிடலாம். ஆனால் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டால் அதன் நிபந்தனையையும் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒரு பம்பின் விவரத்தை மூன்று தாள்களிலும் எழுதிப் பார்ப்போம். பம்பு கற்பனைதான். ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கம் செய்யப்படும் சாதாரண 5 எச்.பி. பம்பு ஒன்றின் அளவுகள்தாம் இவை.

முதலில் ஒரு மூலத்தாள்

மூன்று விவரங்களையும் எழுதுவதற்கு முன் நான்காவதாக ஒரு தாள் வேண்டும். அது வெளியே போகாது. பம்பைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரிந்த ஒவ்வொரு விவரமும் அதில் ஒரு வரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டங்கள்: அளவு, அலகு, அது எந்த நிலையில் உண்மை, அதற்கு ஆதாரம் எந்தச் சோதனை அறிக்கை. மேலே ஒரு தேதி.

நம் பம்பின் மூலத்தாளில் தண்ணீர் அளவு பற்றிய வரியை மட்டும் பார்ப்போம். "விநாடிக்கு 5 லிட்டர்" என்று எழுதினால் அது பாதி வரிதான். "மொத்த ஹெட் 45 மீட்டர், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், தெளிந்த குளிர்ந்த நீர் என்ற நிலையில் விநாடிக்கு 5 லிட்டர். சோதனைக் கூடத்தில் ஓட்டிய பம்புகளில் 4.8 முதல் 5.2 வரை வந்தது" என்று எழுதினால்தான் வரி முழுமையாகும். அந்தக் கடைசிச் சிறுபகுதி கேட்டலாக்கில் வராது, இணையதளத்திலும் வராது. டெண்டரில் அதுதான் பெரிய விஷயமாகப் போகிறது.

இணையதள விவரத்தைக் கேட்டலாக்கைப் பார்த்தும், டெண்டர் இணைப்பை இணையதளத்தைப் பார்த்தும் எழுதுவது பல இடங்களில் நடக்கும் வழக்கம். இப்படி நகலிலிருந்து நகல் எடுக்கும்போது முன்னவர் விட்டது பின்னவருக்குத் தெரியாது. மூன்றையும் மூலத்தாளிலிருந்தே நேராக எடுத்தால், விட்டது எது என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்கும்.

கேட்டலாக்: ஒப்பிட வருபவருக்கு

கேட்டலாக்கைப் புரட்டுபவர் பெரும்பாலும் டீலர், கடைக்காரர், போர் போட்டு மோட்டார் இறக்கும் மெக்கானிக். அவருக்குப் பம்பு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. 3 எச்.பி., 5 எச்.பி., 7.5 எச்.பி. என்று வரிசையாக இருக்கும் மாடல்களில் எது வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வருகிறார். அதனால் எல்லா மாடலுக்கும் ஒரே வரிசையில், ஒரே அலகில் விவரம் இருக்க வேண்டும். ஒரு மாடலுக்கு நிமிடத்துக்கு லிட்டர் என்றும் அடுத்ததற்கு மணிக்குக் கன மீட்டர் என்றும் போட்டால் கேட்டலாக் தன் வேலையைச் செய்யவில்லை.

நம் பம்புக்கு அந்த இடத்தில் வருவது இவ்வளவுதான்: 5 எச்.பி. (3.7 கிலோவாட்), மூன்று பேஸ், 150 மில்லிமீட்டர் போருக்கானது, டெலிவரி 65 மில்லிமீட்டர். அதன் கீழே ஒரு சிறிய அட்டவணை.

| மொத்த ஹெட் (மீட்டர்) | நிமிடத்துக்கு லிட்டர் |
|---|---|
| 24 | 480 |
| 30 | 432 |
| 36 | 384 |
| 45 | 300 |
| 54 | 198 |
| 60 | 96 |

உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைகிறது. சென்ட்ரிபியூகல் பம்பின் இயல்பு அது. 60 மீட்டர் என்ற பெருமையான எண்ணுக்கு எதிரே 96 லிட்டர்தான் இருக்கிறது. அட்டவணை போட இடமே இல்லையென்றால் என்ன செய்வது? இரண்டு முனைகளையும் போடுவதைவிட, பம்பு நன்றாக வேலை செய்யும் நடு இடத்தில் ஒரே ஒரு ஜோடியைப் போடலாம்: "45 மீட்டரில் 300 லிட்டர்." சிறிய எண்தான். ஆனால் அதை நம்பி ஒருவர் பம்பு வாங்கலாம்.

கேட்டலாக் அச்சாகிவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் டீலர் கடையில் கிடக்கும். அதனால் சீக்கிரம் மாறக்கூடியவை அதில் வரக்கூடாது. விலைக்குத் தனிப் பட்டியல் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் "வடிவமைப்பு மாற்றத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வரி போடுவது வழக்கம். கேட்டலாக்கில் அது நியாயமான வரிதான். இந்த வரியைப் பற்றி டெண்டரில் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

இணையதளம்: பொருந்துமா என்று பார்ப்பவருக்கு

இணையதளத்துக்கு வருபவர் வேறு ஆள். அவர் விவசாயி, அல்லது வீட்டுக்காரர். மாடல்களை ஒப்பிடுவது அவர் நோக்கமல்ல. "என் போர் முந்நூறு அடி, எந்த மோட்டார் போடலாம்?" என்பதுதான் அவர் கேள்வி. இந்தக் கேள்விக்குக் கேட்டலாக் அட்டவணையில் விடை இல்லை. அதில் இருப்பது மொத்த ஹெட். அவருக்குத் தெரிந்தது போரின் ஆழம். இரண்டும் ஒன்றல்ல.

இணையதள விவரத்தில் கூடுதலாக எழுத வேண்டியது இந்த இடைவெளியைத்தான். கேட்டலாக்கைவிட இங்கே எண்கள் குறைவாகவும் விளக்கம் அதிகமாகவும் இருக்க வேண்டும். ஒரு கணக்கோடு காட்டினால் போதும்.

போர் 300 அடி. பம்பை 180 அடியில் இறக்கியிருக்கிறார்கள். பம்பு ஓடும்போது தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 120 அடியில் நிற்கிறது. தரைக்கு மேல் 15 அடி உயரத்தில் தொட்டி. பம்பு தூக்க வேண்டிய உயரம் 300 அடியும் அல்ல, 180 அடியும் அல்ல. தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டி வரைக்கும், அதாவது 135 அடி. இதோடு குழாயில் தண்ணீர் உராய்வதால் ஏற்படும் இழப்பைச் சேர்க்க வேண்டும். குழாய் மொத்தம் 240 அடி நீளம், இரண்டரை அங்குலம் என்றால் இழப்பு ஏறக்குறைய 9 அடி. ஆக மொத்த ஹெட் 144 அடி, அதாவது 44 மீட்டர். நம் பம்பு அங்கே நிமிடத்துக்கு 300 லிட்டர் அளவுக்குத் தரும். ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்றரை நிமிடத்துக்குள் நிரம்பிவிடும்.

அதே இடத்தில் செலவைக் குறைக்க இரண்டு அங்குலக் குழாய் போட்டால் உராய்வு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. தண்ணீர் 260 லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். பிறகு "300 என்று போட்டிருந்தீர்கள், வரவில்லையே" என்று வாங்கியவர் கேட்பார். பம்பில் குறை இல்லை. குழாயைப் பற்றிய ஒரு வரி விவரத்தில் இல்லை என்பதுதான் குறை. ஆகவே இணையதளத்தில் இந்த விவரம் இப்படி வரலாம்:

"6 அங்குல போருக்கான 5 எச்.பி. பம்பு. மூன்று பேஸ் இணைப்பு தேவை. தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டி வரை, குழாய் இழப்பையும் சேர்த்து, மொத்தம் 145 அடி உயரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் தரும். இரண்டரை அங்குலக் குழாய் பயன்படுத்துங்கள். வாங்கும் முன் உங்கள் போர்க் குழாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். பம்பின் அதிகபட்ச விட்டம் 143 மில்லிமீட்டர். ஸ்டார்ட்டர், கேபிள், குழாய் ஆகியவை பெட்டியில் இல்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களும் கேட்டலாக்கில் தேவைப்படவில்லை. மெக்கானிக்குக் கேபிள் தனியாக வாங்க வேண்டும் என்று தெரியும். முதல் முறை இணையத்தில் வாங்குபவருக்குத் தெரியாது. பொருளைத் திருப்பி அனுப்பும் சண்டைகள் பல இங்கேதான் பிறக்கின்றன. நேரடியாக விற்கும் பக்கமாக இருந்தால் அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயர் முகவரி, எந்த நாட்டில் செய்தது போன்றவற்றையும் காட்டச் சட்டம் கேட்கிறது.

இணையதளத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. விளம்பர மொழி அங்கே எளிதாக உள்ளே நுழையும். மூலத்தாளில் "தண்டு: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 410 ரகம்" என்று இருக்கும். அது இணையதளத்தில் "வாழ்நாள் முழுதும் துருப்பிடிக்காது" என்று வளர்ந்துவிடும். 410 ரகம் வலுவானது, பம்புத் தண்டுக்குப் பரவலாகப் பயன்படுவது. ஆனால் உப்புத் தண்ணீரில் அதிலும் துரு ஏறும். கடலோர ஊர்க்காரர் ஒருவர் அந்த வரியை நம்பி வாங்கினால் ஏமாந்து போவார். விவரத்தை எளிமையாக்கலாம். மூலத்தாள் தாங்காத அளவுக்குப் பெரிதாக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளரையே பொறுப்பாக்குகிறது.

டெண்டர் இணைப்பு: கையெழுத்திட்டுத் தரும் உறுதி

மூன்றாவது தாளின் தன்மையே வேறு. ஓர் ஊராட்சி ஒன்றியமோ குடிநீர் வாரியமோ பம்பு வாங்க டெண்டர் விடுகிறது. அதோடு ஒரு தொழில்நுட்ப இணைப்பு வரும். ஒரு பத்தியில் தேவை, அடுத்த பத்தியில் நீங்கள் தருவது, மூன்றாவதில் வேறுபாடு இருந்தால் அது. இங்கே பொருளை அறிமுகப்படுத்தும் வேலை இல்லை, விற்பனைப் பேச்சும் இல்லை. எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னால் ஒருவர் அளந்து பார்க்கப் போகிற உறுதிமொழி.

அதனால் எழுதும் வரிசைகூட நம்முடையதல்ல. டெண்டர் எந்த வரிசையில், எந்த எண்ணிட்டு, எந்த அலகில் கேட்டதோ அதே மாதிரி விடை எழுத வேண்டும். டெண்டர் விநாடிக்கு லிட்டர் என்று கேட்டால் 300 என்று எழுதக் கூடாது, 5 என்று எழுத வேண்டும். அதிகாரி மேசையில் பல நிறுவனங்களின் தாள்கள் பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றில் நம் தாளை மட்டும் அவர் அலகு மாற்றிப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, எண் கேட்ட இடத்தில் எண் எழுத வேண்டும். "போர் 150 மில்லிமீட்டர், அதில் இறங்க வேண்டும்" என்பதற்கு எதிரே வெறுமனே "ஏற்கிறோம்" என்று எழுதுவது பரவலான வழக்கம். அது எதையும் சொல்லவில்லை. "அதிகபட்ச வெளிவிட்டம் 143 மில்லிமீட்டர், வரைபடம் இணைப்பு 3" என்று எழுதினால் படிப்பவர் சரிபார்க்க முடியும். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கும் இதே நியாயம்தான். நிறுவனத்திடம் ஐ.எஸ். 8034 தரநிலைக்கு உரிமம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த உரிமத்தின் கீழ் இந்த மாடல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேட்டலாக் அட்டையில் ஒரு முத்திரை இருந்தால் உள்ளே உள்ள எல்லா மாடலுக்கும் அது உண்டு என்று எண்ணிக்கொண்டு எழுதுபவர் இங்கே சிக்கிக்கொள்வார்.

மூன்றாவதுதான் கடினமானது. டெண்டர் இப்படிக் கேட்கிறது: "45 மீட்டர் மொத்த ஹெட்டில் விநாடிக்கு 5 லிட்டருக்குக் குறையாமல். குறைவுக்கு டாலரன்ஸ் இல்லை." நம் கேட்டலாக் 45 மீட்டருக்கு நிமிடத்துக்கு 300 லிட்டர் என்கிறது, அதாவது விநாடிக்கு 5 லிட்டர். கச்சிதமாகப் பொருந்துகிறது என்று தோன்றும். இப்போது மூலத்தாளுக்குத் திரும்புங்கள். சோதனையில் 4.8 முதல் 5.2 வரை வந்தது என்று அங்கே இருக்கிறது. கேட்டலாக்கில் இருப்பது நடு அளவு. டெண்டர் கேட்பது கீழ் எல்லை. ஐம்பது பம்புகள் கொடுத்து, அதில் ஒன்றை எடுத்து அதிகாரி முன்னிலையில் ஓட்டிப் பார்க்கும்போது 4.8 வந்தால், அந்தத் தாளில் நாம் எழுதிய 5 பொய்த்துவிடும்.

அப்போது என்ன செய்வது? மூன்று நேர்மையான வழிகள் இருக்கின்றன. கூடுதல் ஸ்டேஜ் உள்ள, 45 மீட்டரில் இன்னும் அதிகம் தரும் அடுத்த மாடலைக் கொடுக்கலாம். அல்லது டெண்டர் திறக்கும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில், தரநிலை அனுமதிக்கும் டாலரன்ஸை ஏற்பீர்களா என்று எழுத்தில் கேட்கலாம். அல்லது வேறுபாட்டுப் பத்தியில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, நிராகரிப்பு வந்தாலும் ஏற்கலாம். எண்ணைக் கேட்டலாக்கிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிட்டுச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வழியல்ல. பொதுப்பணத்தில் வாங்கும் அந்தப் பம்பை நம்பி ஓர் ஊர் குடிநீருக்குக் காத்திருக்கிறது.

நான்காவது, கூட வைக்கும் கேட்டலாக். பல டெண்டர்கள் பொருளின் அச்சிட்ட கேட்டலாக்கையும் இணைக்கச் சொல்கின்றன. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இணைப்பில் டெலிவரி 65 மில்லிமீட்டர் என்றிருக்கிறது, பழைய கேட்டலாக்கில் 50 என்றிருக்கிறது என்றால், எது உண்மை என்ற கேள்வி எழும். விலை உறை திறந்த பின் பொருளை மாற்றும் அளவுக்கு எந்தத் திருத்தமும் செய்ய முடியாது. அதோடு, கேட்டலாக்கில் நியாயமாக இருந்த "வடிவமைப்பு மாற்றத்துக்கு உட்பட்டது" என்ற வரி இங்கே வந்தால், கையெழுத்திட்ட உறுதியை அதே உறைக்குள் இருக்கும் இன்னொரு தாள் திரும்பப் பெறுவது போலாகும். டெண்டரோடு வைக்கும்போது அந்த மாடலின் பக்கத்தை மட்டும், மூலத்தாளோடு ஒத்துப் பார்த்து, தேதியிட்டு வைப்பது நல்லது. முரண்பட்டால் இணைப்பில் உள்ளதே செல்லும் என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். டெண்டர் விதிகள் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இத்தனையும் சேர்ந்தால் தண்ணீர் அளவு பற்றிய டெண்டர் வரி இப்படி நிற்கும்: "உறுதி செய்யப்படும் குறைந்தபட்ச அளவு: 45 மீட்டர் மொத்த ஹெட்டில், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸில், விநாடிக்கு 5.0 லிட்டர். சோதனை அறிக்கை இணைப்பு 2. வேறுபாடு இல்லை." நம் மாடலுக்கு இந்த வரியை எழுத முடியாது. ஒரு ஸ்டேஜ் கூடிய மாடலைச் சோதித்து, அதன் கீழ் எல்லை 5க்கு மேல் நின்றால்தான் எழுத முடியும். எந்த மாடலைக் கொடுப்பது என்பதையே இந்த ஒற்றை வரி மாற்றிவிடுகிறது.

பம்பு மாறும்போது

ஓராண்டு கழித்து இம்பெல்லர் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 மீட்டரில் விநாடிக்கு 5.3 லிட்டர் வருகிறது. முதலில் மாற வேண்டியது மூலத்தாள், புதிய சோதனை அறிக்கையோடும் புதிய தேதியோடும். இணையதளத்தை அன்றே மாற்றலாம். ஆனால் கடைகளில் பழைய இருப்பு இன்னும் விற்றுக்கொண்டிருந்தால், எந்த வரிசை எண்ணிலிருந்து புதிய அளவு என்பதையும் அங்கே போட வேண்டும். கேட்டலாக் அடுத்த அச்சில்தான் மாறும். அதுவரை டீலர்களுக்கு ஒரு திருத்தச் சீட்டு போக வேண்டும். ஏற்கெனவே கையெழுத்தான டெண்டர் மட்டும் மாறாது. புதிய இம்பெல்லர் சிறந்தது என்றாலும், வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை அங்கே போக வேண்டியது பழைய வடிவமைப்புதான்.

மூன்று தாள்களும் தயாரானதும் பொருளை அறியாத ஒருவரிடம் அவற்றைக் கொடுத்து ஒரு சின்னச் சரிபார்ப்பு செய்யலாம். ஒவ்வொரு தாளிலும் உயரத்துக்கு எதிரே இருக்கும் தண்ணீர் அளவை அவர் எடுக்கட்டும். எல்லாவற்றையும் மீட்டருக்கும் விநாடிக்கு லிட்டருக்கும் மாற்றி, இரண்டையும் பெருக்கி, 9.81ஆல் பெருக்கட்டும். எந்தத் தாளில் விடை 3,700 வாட்டை நெருங்கினாலும் அந்தத் தாள் அச்சுக்குப் போகக் கூடாது. நம் பம்பில் சரியான ஜோடிகள் எல்லாம் 2,300 வாட்டுக்குக் கீழேதான் நிற்கும். அதற்கு மேல் எந்த விடை வந்தாலும், எங்கோ ஓர் எண் தன் நிபந்தனையை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று பொருள்.